தலைவிரி கோலமும் பச்சை ஓரமும்: ஒரு கண்ணகியம்மன் பாடல் வீடியோவின் கீயிங்

வைகாசிச் சடங்குக்கு முன்னம் வெளியிட வேண்டிய பாடல் அது. ஆடுபவர் ஒருவர்தான். சிவப்புச் சேலை, கையில் சிலம்பு, இடுப்பு வரைக்கும் விரித்துவிட்ட கூந்தல். பாட்டின் முற்பகுதிக்குப் பின்னணி மட்டக்களப்புக் கல்லடிக் கரையிலிருந்து மேற்கே பார்த்து எடுத்த வாவியின் பொழுதுபடும் வானம். பிற்பகுதிக்கு மதுரை எரியும் இரவு. ஆட்டத்தை மட்டும் ஒரு மண்டபத்துக்குள் பச்சைத் துணிக்கு முன்னால் எடுத்து, காற்றுக்கு இரண்டு மின்விசிறி வைத்திருந்தார்கள். அந்தப் பச்சையை நீக்கி, ஆளை மட்டும் வேறு பின்னணியின் மேல் வைப்பதுதான் கீயிங், அதைச் செய்யும் கருவி கீயர்.

வேறொருவர் செய்த முதல் எடிட்டைப் பார்த்துவிட்டுத்தான் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் என்னிடம் வந்தார். "இதென்னகா தம்பி, அம்மாள்ட முடிய வழிச்சுப் போட்டானுகள்!" என்றார். அவர் சொன்னது சரி. விரித்த கூந்தல் தலையில் கவிழ்த்த சட்டிபோல ஒரே கட்டியாக நின்றது. பறக்கிற மயிரிழை ஒன்றுகூட இல்லை. இவ்வளவு வெட்டிய பிறகும் ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு ஓடியது. இரவுக் காட்சியில் பச்சை போய், அதே இடத்தில் சாம்பல் வளையம் தெரிந்தது.

தலைமுடி ஓரத்துப் பச்சையைப் பார்த்ததும், ஒவ்வொரு பிக்சலிலும் ஆள் எவ்வளவு என்று சொல்லும் ஆல்பாவை இறுக்கக் கை தானாகப் போகும். ஓரத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் பச்சை போய்விடும் என்று தோன்றும். ஆனால் அந்தப் பச்சை ஒரே பச்சை இல்லை. இந்தப் பாடலில் மூன்று விதமான பச்சை கூந்தலில் கலந்திருந்தது. ஒன்று கமராவின் பதிவு முறையால் வந்தது. ஒன்று இழைகளுக்கு இடையால் தெரிந்த துணி. மற்றது துணியில் பட்டுத் திரும்பி முடியின் எண்ணெய்ப் பளபளப்பில் விழுந்த வெளிச்சம். இறுக்குவது இந்த மூன்றில் எதற்கும் மருந்தில்லை, முடியை மட்டும் கொண்டுபோகும்.

மூலக் கோப்பு

முதல் எடிட் செய்தவருக்குக் கொடுக்கப்பட்டது 1920×1080 அளவுக்குச் சுருக்கி மாற்றிய கோப்பு. கமராக்காரத் தம்பியிடம் விசாரித்தால், கார்ட்டில் 4K மூலம் அப்படியே இருந்தது. கணினி திணறாமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் சுருக்கிக் கொடுத்திருக்கிறார். கீயிங்குக்கு அந்த உதவிதான் முதல் இடைஞ்சல்.

காரணம் இது. சாதாரணக் கமராக்கள் வீடியோவை 4:2:0 என்ற முறையில் பதிகின்றன. வெளிச்சம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக எழுதும். நிறம் என்ன என்பதை மட்டும் இரண்டுக்கு இரண்டு, அதாவது நான்கு பிக்சலுக்கு ஒன்றாக எழுதும். நம் கண் நிறத்தின் நுணுக்கத்தில் அவ்வளவு கூர்மை இல்லாததால் சாதாரணப் படத்தில் இது தெரியாது. ஆனால் கீயர் பார்ப்பதே நிறத்தைத்தான். ஒரு பிக்சல் அகலமான மயிரிழை பச்சைத் துணிக்கு முன்னால் பறந்தால், அதன் கருமை வெளிச்சக் கணக்கில் சரியாக விழும். நிறத்தையோ பக்கத்துப் பச்சையோடு பங்கு போட்டுக்கொள்ளும். அந்த இழை கறுப்பாக இல்லாமல் கரும்பச்சையாகவே பதிவாகிவிடும். எந்தக் கீயர் வந்தாலும் அதில் பாதியைத் துணி என்றுதான் எண்ணும்.

4K கோப்பிலும் இதே 4:2:0 தான். ஆனால் அங்கே நிறத்தின் அளவு 3840×2160இல் பாதி, அதாவது 1920×1080. பாடல் வெளியாகப் போவது 1080இல். ஆகவே 4K மூலத்தை எடுத்து 1080 வேலைப்பரப்பில் வைத்தால், ஒவ்வொரு பிக்சலுக்கும் சொந்த நிறம் கிடைத்துவிடுகிறது. கூடுதல் செலவு எதுவும் இல்லை. சுருக்கிய கோப்பிலும் இந்த நன்மை வந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். வராது. சுருக்கி எழுதியபோது அது மீண்டும் 4:2:0 ஆக, குறைந்த பிட் அளவில் எழுதப்பட்டுவிட்டது. நிறம் 960×540க்கு இறங்கிவிட்டது. கூந்தலைச் சுற்றிச் சதுரச் சதுரமாகத் திட்டுத் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

எனவே வேலையைத் தொடக்கத்திலிருந்தே 4K மூலத்தில் செய்தேன். மென்பொருள் டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு. கீயிங் முழுவதும் அதன் Fusion பக்கத்தில்.

சட்டி எப்படி உருவானது

பழைய எடிட்டின் அமைப்பையும் வாங்கிப் பார்த்தேன். துணியின் மேல்பகுதியில் ஓரிடத்தில் நிறம் தொட்டு எடுத்து, பிறகு Threshold-இன் கீழ் எல்லையை நன்றாக உயர்த்தியிருந்தார்கள். ஏன் உயர்த்த வேண்டி வந்தது என்பதில்தான் கதை இருக்கிறது.

Delta Keyer போன்ற நிற வேறுபாட்டுக் கீயர்களின் அடிப்படைக் கணக்கு ஏறத்தாழ இப்படி இருக்கும். R, G, B என்பவை பிக்சலின் நிறம். s சேர்ந்தவை துணியின் நிறம்.

```
alpha = 1 - (G - max(R,B)) / (Gs - max(Rs,Bs))
```

பச்சை மற்ற இரண்டையும் எவ்வளவு தாண்டி நிற்கிறது என்பதைத் துணியோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். துணி அளவுக்குத் தாண்டினால் ஆல்பா 0, முழுத் துணி. தாண்டவே இல்லையென்றால் 1, முழு ஆள். இரண்டுக்கும் நடுவில் வருவதுதான் மயிரிழை.

இந்தப் படப்பிடிப்பில் துணிக்கு வெளிச்சம் மேலிருந்து மட்டும் விழுந்திருந்தது. மேலே துணியின் நிறம் சுமார் 74, 200, 92. ஆடுபவரின் இடுப்பு மட்டத்தில், கூந்தல் நுனி ஆடுகிற இடத்தில், 46, 140, 60. மேலே தொட்டு எடுத்தால் வேறுபாடு 200இலிருந்து 92 போக 108. கீழே உள்ள துணியில் வேறுபாடு 80 மட்டுமே. 80ஐ 108ஆல் வகுத்தால் 0.74. அப்படியானால் கீழே ஒன்றுமே இல்லாத வெறும் துணிக்கும் ஆல்பா 0.26 வருகிறது. புதிய பின்னணியின் மேல் அது கால்வாசிப் புகைபோலப் படிந்து நிற்கும்.

அந்தப் புகையைப் போக்கத்தான் Threshold-ஐ உயர்த்தியிருக்கிறார்கள். 0.26க்குக் கீழே உள்ளதெல்லாம் 0 ஆனதும் புகை போய்விட்டது. கூடவே, மேலே வெளிச்சமான துணிக்கு முன்னால் ஒரு பிக்சலில் கால்வாசிக்கும் குறைவாகப் பரவியிருந்த ஒவ்வொரு மயிரிழையும் போய்விட்டது. பறக்கிற இழைகள் அநேகமாக எல்லாமே அந்த அளவுதான். மிஞ்சியது அடர்த்தியான நடுக்கட்டி. வண்ணக்கர் பார்த்த மொட்டையடிப்பு நடந்த இடம் இதுதான். முடியில் எந்தக் கோளாறும் இல்லை. துணியின் வெளிச்சம் சமமாக இல்லாததற்குத் தண்டனை முடிக்கு விழுந்தது.

வெறும் துணியின் படம்

இதற்கு வழி, துணிக்கு ஒரே நிறம் என்று கீயரிடம் சொல்லாமல், ஒவ்வொரு இடத்திலும் துணி என்ன நிறம் என்று காட்டுவது. அதாவது ஆள் இல்லாத வெறும் துணியின் படம் ஒன்று வேண்டும். முக்காலியில் வைத்து அசையாமல் எடுத்த ஷொட்டுகளில் இது சுலபம். ஆடுபவர் பிரேமுக்குள் வருவதற்கு முந்திய ஒரு பிரேமை நிறுத்தி எடுத்து, கீயரின் வெறும் துணி உள்ளீட்டில் இணைத்தால் போதும். தம்பி ஒவ்வொரு முறையும் ஆட்டத்துக்குச் சற்று முன்னமே பதிவைத் தொடங்கும் பழக்கம் உள்ளவர். அந்தப் பழக்கம் பாதி வேலையைக் காப்பாற்றியது.

கமரா நகர்கிற ஷொட்டுகளுக்கு அது கிடையாது. அங்கே Clean Plate நோட்டை, அதாவது Fusion-இல் அந்தப் பெயருள்ள கருவிக் கட்டத்தை, பயன்படுத்தினேன். வெளிச்சமான துணி, நிழல் துணி, சுருக்கம் என்று பல இடங்களில் இழுத்துத் தொட்டால் துணி எது என்று அது பிரித்துக்கொள்ளும். மிஞ்சிய ஆளுருவத்துக்குள் Grow Edges சுற்றியுள்ள பச்சையை உள்நோக்கி வளர்க்கும். Fill என்பதைத் தேர்ந்தால் நடு ஓட்டையும் நிரம்பும். இதில் ஒரு கவனம் தேவை. தொடும்போது கூந்தலின் மெல்லிய பகுதியையும் துணி என்று சேர்த்துவிட்டால், வளர்கிற பச்சையில் கருமை கலந்து, அந்த இடத்தில் இழைகள் கரைந்து போகும். நோட்டின் வெளியீட்டைத் தனியாகப் பார்த்து, தலையைச் சுற்றிக் கறுப்புக் கறை இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் கீயருக்குக் கொடுக்க வேண்டும்.

இப்படிக் கொடுத்ததும் கீழே இருந்த புகை தானாகப் போனது. கீழ் எல்லையை 0.04 அளவில் வைத்தாலே போதுமாக இருந்தது. பார்வைத் திரையில் A விசையை அழுத்தி ஆல்பாவை மட்டும் பார்த்தால், தோளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் இழை இழையாகக் கூந்தல் பறந்தது.

அந்தச் சாம்பல்தான் வேலையின் உயிர். வெள்ளை கறுப்பாக அழகாக இருக்கிற ஆல்பாவைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற எடிட்டர்கள் உண்டு. கூந்தல் விரித்த ஒரு பெண்ணின் ஆல்பாவில் சாம்பல் இல்லையென்றால் அது முடிந்த வேலை இல்லை.

பச்சை போனால் சாம்பல் ஏன் வருகிறது

இப்போது இழைகள் திரும்பிவிட்டன. இழைகளுக்கு இடையே துணியும் திரும்பிவிட்டது. பாதி முடி, பாதி துணியாக உள்ள ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். முடியின் கருமை 24, 20, 18. துணி 74, 200, 92. கலவை 49, 110, 55. உண்மையில் ஒளி கலப்பது இந்த எண்களில் அல்ல, காமா நீக்கிய நேரியல் அளவில். ஆனாலும் நடப்பதைப் புரிந்துகொள்ள இது போதும்.

பெரும்பாலானோர் செய்வது, பச்சையை அடக்கும் ஸ்பில் நீக்கம். பச்சை, மற்ற இரண்டின் சராசரியைத் தாண்டாதபடி வெட்டுவது. 49க்கும் 55க்கும் சராசரி 52. ஆகவே பிக்சல் 49, 52, 55 ஆகிறது. பச்சை போய்விட்டது. ஆனால் பாருங்கள், இது முடியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம். துணியில் இருந்த சிவப்பும் நீலமும் இன்னும் அதற்குள் குந்திக்கொண்டிருக்கின்றன.

இதைப் பாதி ஆல்பாவோடு இரவு வானத்தின் மேல், அதாவது 20, 24, 40 மேல் வைத்தால் வருவது 35, 38, 48. முடியும் இதைவிட இருட்டு, வானமும் இதைவிட இருட்டு. இரண்டு இருட்டுக்கு நடுவில் ஒரு வெளிச்சக் கோடு. இரவுக் காட்சியில் தெரிந்த சாம்பல் வளையம் இதுதான். உண்மையாக வர வேண்டியது 22, 22, 29.

சரியான வழி, பச்சையை அடக்குவது அல்ல, துணியைக் கழிப்பது. பிக்சலில் பாதி துணி என்று ஆல்பா சொல்கிறது. துணி என்ன நிறம் என்று வெறும் துணியின் படம் சொல்கிறது. பாதித் துணி 37, 100, 46. அதை 49, 110, 55இலிருந்து கழித்தால் 12, 10, 9. முடியின் கருமையில் சரிபாதி. அதோடு வானத்தின் பாதியைச் சேர்த்தால் 22, 22, 29, அதாவது வர வேண்டிய எண். Delta Keyer இந்தக் கழிப்பைத் தானே செய்யும். ஆனால் வெறும் துணியின் படம் பிழையாக இருந்தால் கழிப்பும் பிழைக்கும். துணி உண்மையில் இருப்பதைவிட வெளிச்சம் என்று நினைத்தால் தேவைக்கு மேல் பச்சையைக் கழித்துவிடும், ஓரம் கருஞ்சிவப்பாகும். துணி இருட்டு என்று நினைத்தால் பச்சை மிஞ்சும். ஓரத்தின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் பிழைத்தது என்று கண்டுபிடிக்கலாம் என்பதால், ஓரத்தைத் திருத்தும் கருவிகளைத் தொடும் முன் நான் எப்போதும் வெறும் துணியின் படத்துக்கே திரும்பிப் போவேன்.

வாவிப் பின்னணியில் இதே பிழை அவ்வளவாகத் தெரிவதில்லை. பொழுதுபடும் வானம் 214, 128, 62 போன்ற வெளிச்சமான செம்மஞ்சள். சாம்பல் கோடு அதைவிட இருட்டாகவே இருக்கும், ஆகவே கண்ணில் குத்தாது. ஒரே கீயிங் ஒரு காட்சியில் அழகாகவும் அடுத்த காட்சியில் மோசமாகவும் தெரிவதற்கு இதுவே காரணம். கறுப்புக் கூந்தலுக்கு எதிரி இருட்டுப் பின்னணி.

எண்ணெய்ப் பளபளப்பு

மூன்றாவது பச்சை ஓரத்தில் இல்லை, தலைக்குள்ளேயே இருந்தது. ஆட்டத்துக்கு முன் கூந்தலுக்குத் தேங்காயெண்ணெய் வைத்திருக்கிறார்கள். ஆடுபவர் துணிக்கு மிகக் கிட்ட நின்றதால், துணியில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து உச்சந்தலையின் பளபளப்பில் பச்சைத் தகடாக விழுந்தது. கீயர் இதைப் பாதித் துணி என்று நினைத்து, தலையின் நடுவிலேயே ஓட்டை போட்டது. தலைக்கூடாக வாவி தெரிந்தது.

இந்த இடத்தில் கழிப்பது பிழை. இங்கே இடையால் தெரியும் துணி எதுவும் இல்லை, முடியின் மேல் விழுந்த நிற வெளிச்சம்தான் இருக்கிறது. ஆகவே படத்தை இரண்டாகப் பிரித்தேன். ஓரத்துக்கு மேலே சொன்ன மென்மையான கீ. உள்ளுக்கு இன்னொரு கீ. இதில் Threshold-ஐப் பயமில்லாமல் இறுக்கி, ஓட்டைகளை முகமூடி வரைந்து அடைத்து, ஓரத்தை உள்நோக்கி ஒரு பத்துப் பன்னிரண்டு பிக்சல் சுருக்கி, சற்று மங்கலாக்கினேன். இந்த உள்பகுதியை ஓரத்துக் கீயின் மேல் Merge செய்தால், கட்டியான முடி கட்டியாகவும் பறக்கிற முடி பறந்தபடியும் நிற்கும். இரண்டும் சேர்கிற கோடு அடர்ந்த கூந்தலுக்குள் புதைந்துவிடுவதால் தெரியாது.

உள்பகுதிக்கு ஸ்பில் நீக்கம் பொருத்தமானது. ஆனால் வெறுமனே பச்சையை வெட்டினால் பளபளப்பு செத்துவிடும். நாம் காணும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 70 வீதம் பச்சை வழியாகத்தான் வருகிறது. அதை வெட்டினால் அந்த இடம் இருண்டு, கூந்தல் கரி பூசியதுபோலாகும். எனவே வெட்டிய அளவைத் தூக்கி எறியாமல், பின்னணியின் நிறத்தில் திருப்பிக் கொடுத்தேன். உண்மையில் அந்தப் பெண் வாவிக்கரையில் நின்றிருந்தால், அதே எண்ணெய்ப் பளபளப்பில் பொழுதுபடும் வானம்தானே விழுந்திருக்கும்.

Custom Tool நோட்டின் முதல் உள்ளீட்டில் ஆட்டத்தின் படமும், இரண்டாவதில் நன்றாக மங்கலாக்கிய பின்னணியும் கொடுத்து, மூன்று நிறத்துக்கும் இவை:

```
Red:   r1 + 0.6*max(0, g1-(r1+b1)/2)*r2
Green: min(g1, (r1+b1)/2) + 0.6*max(0, g1-(r1+b1)/2)*g2
Blue:  b1 + 0.6*max(0, g1-(r1+b1)/2)*b2
```

0.6 என்பது கண்ணால் பார்த்து வைத்த எண். வாவிக் காட்சியில் அது பொருந்தியது. தீ எரிகிற காட்சியில் பின்னணி கொதித்ததால் பாதியாகக் குறைத்தேன்.

இதைத் தலைமுடிக்கு மட்டும் முகமூடி வரைந்து பூட்ட வேண்டும். முழு உருவத்துக்கும் விட்டால் நகை கெட்டுப்போகும். தங்கத்தின் நிறம் 200, 160, 50 என்று வைத்தால், சிவப்புக்கும் நீலத்துக்கும் சராசரி 125. பச்சை 160இலிருந்து இறங்கும், தங்கம் செம்பாகும். தோலும் சிவந்து வெந்ததுபோலாகும். நகைக்கும் தோலுக்கும் சராசரிக்குப் பதில் இரண்டில் பெரியதை எல்லையாக வைக்க வேண்டும், அதாவது `min(g1, max(r1,b1))`. தங்கத்தில் பெரியது 200, பச்சை அதைத் தாண்டவில்லை, ஆகவே தொடாமல் விடும். கோயில் பாட்டில் அம்மாளின் தாலியும் அட்டியலும் செம்பாகத் தெரிந்தால், முடி எவ்வளவு நன்றாக வந்தும் ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

ஓடவிட்டுப் பார்த்தபோது

நிறுத்திப் பார்த்தால் நன்றாயிருக்கிற கூந்தல் ஓடும்போது புழு நெளிவதுபோலத் துடிக்கும். காரணம், இருட்டில் கமராவின் இரைச்சல் பிரேமுக்குப் பிரேம் மாறுவதால் ஆல்பாவும் மாறுவது. ஆல்பாவுக்கு மட்டும் படத்தைச் சற்று மங்கலாக்கிக் கொடுத்து, நிறத்தை மூலத்திலிருந்தே எடுத்தால் துடிப்பு அடங்கும். கீயரின் Pre-Blur இதற்குத்தான் இருக்கிறது. சிறிதாக வைத்தேன், கூட்டினால் இழைகள் தடிக்கும்.

சோதிக்கும்போது பின்னணியைத் தற்காலிகமாக மாற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம். நடுத்தரச் சாம்பலின் மேல் வைத்தால் மிஞ்சிய பச்சை தெரியும். கறுப்பின் மேல் வைத்தால் வெளிச்ச வளையம் தெரியும். உண்மையான பின்னணியில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கண் பழகிவிடும். இந்தப் பாடல் கோயில் முன்றலில் பெரிய திரையிலும் ஓடப் போவதால், ஃபோன் அளவில் பார்த்துத் திருப்திப்படவும் முடியாது.

இறுதியில் ஓரத்தில் பின்னணியின் வெளிச்சம் சற்றுப் படரும்படி சேர்த்தேன். பிரகாசமான வானத்துக்கு முன் நிற்பவரின் ஓரத்தை வானம் கொஞ்சம் தின்னும். கமரா வில்லையே அப்படித்தான் பார்க்கும். ஆனால் இதை மிஞ்சிய பச்சையை மறைக்கப் பயன்படுத்துகிறவர்கள் அளவில்லாமல் போட்டு, ஆளைச் சுற்றி ஒளிவட்டம் வரைந்துவிடுகிறார்கள். அம்மாளுக்கு ஒளிவட்டம் பொருந்தும் என்று வண்ணக்கரே வாதாடினார். அது வேண்டுமென்றால் தனியாக வரைந்து தருகிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கைவிட்ட இடங்கள்

எல்லாம் மீளவில்லை. உக்கிரமான ஒரு சுழற்சியில் கூந்தல் துணியின் விளிம்பைத் தாண்டி, மண்டபத்தின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் பறக்கிறது. சுவருக்கு முன்னால் உள்ள முடிக்குக் கீயரிடம் பதில் இல்லை. அந்த ஷொட்டில் உருவத்தைப் பெரிதாக்கி, துணிக்கு வெளியே போன பகுதியைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளினோம். 4K மூலம் என்பதால் பெரிதாக்க இடமிருந்தது. பெரிதாக்கிய அளவுக்கு, மேலே சொன்ன நிற நன்மையில் கொஞ்சம் இழந்தோம்.

இரவுக் காட்சியில் இன்னும் சில இடங்களில் வளையம் லேசாக நின்றது. சுருள்சுருளான மெல்லிய முடி, வேகமான அசைவு, அழுத்திச் சுருக்கிய பதிவு எல்லாம் சேர்ந்த இடங்கள். அங்கே கீயை மேலும் கிண்டாமல் பின்னணியைத்தான் நகர்த்தினேன். எரிகிற தீயின் வெளிச்சமான பகுதி நேராக அவரின் தலைக்குப் பின்னால் வரும்படி இழுத்து வைத்தேன். வளையம் இருக்கிறது, தீயைவிட இருட்டாக இருப்பதால் தெரியவில்லை. காட்சிக்கும் அதுவே அழகாக அமைந்தது.

வேப்பிலையும் ஒரு தொல்லை. இரண்டு ஷொட்டில் கையில் வேப்பங்குழை. இலையின் பச்சை துணியைவிட மஞ்சள் கலந்தது, இருட்டும்கூட. அதனால் முழுவதும் மறையவில்லை, அரித்த இலைபோல ஓட்டையாகியது. கையின் அசைவைப் பின்தொடர்ந்து முகமூடி வரைந்து, அந்தப் பகுதியை உள்பகுதியோடு சேர்த்து, அங்கே எந்த ஸ்பில் நீக்கமும் படாமல் பார்த்துக்கொண்டேன். இலையின் விளிம்பில் துணியின் பச்சை ஒட்டியிருப்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இலை பச்சையாக இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

அடுத்த ஆண்டும் ஒரு பாடல் எடுக்கப் போகிறார்களாம். வண்ணக்கர் வேப்பிலையை விட முடியாது என்கிறார், அது நியாயம். ஆகவே தம்பியிடம் நீலத் துணி பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கமராவின் உணரியில் பச்சைக்கு உள்ள புள்ளிகளில் பாதிதான் நீலத்துக்கு. அதனால் நீலத்தில் இரைச்சல் கூடும், துணிக்கு வெளிச்சமும் கூட வேண்டும், மேலும் கீழும் ஒரே அளவாக. ஆனால் நீலம் கறுப்பு முடியில் மிஞ்சினாலும் பச்சையளவுக்கு உறுத்தாது. இரவுக் காட்சியில் நீலச் சாயல் வானத்தோடு போய்விடும். ஆடுபவர் துணியிலிருந்து இரண்டு மூன்று மீற்றராவது தள்ளி நிற்க வேண்டும், கமராவுக்குள் கூர்மைப்படுத்தும் அமைப்பை ஆகக் குறைவுக்கு இறக்க வேண்டும். அந்தக் கூர்மைதான் ஒவ்வொரு இழையைச் சுற்றியும் ஒரு பொய்க்கோடு வரைந்துவிடுகிறது, பிறகு அதை அழிக்க வழியில்லை. ஷட்டர் 1/100. வினாடிக்கு 25 பிரேம் எடுக்கும்போது வழக்கமான 1/50ஐவிட முடியின் மங்கல் பாதியாகும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மண்டப லைட்டுகளும் மினுங்காது.

எண்ணெய் பற்றியும் சொல்லியிருக்கிறேன். ஆடுகிற தங்கச்சி, "அண்ணா, எண்ணெய் வெக்காட்டி முடி பறட்டையாப் பறக்குமே" என்றார். அப்படிப் பறக்கட்டும், அதற்குத்தானே இரண்டு மின்விசிறி.